“உங்கள் கனவுக்கு இதுதான் அர்த்தம்” என்று யாராவது அடித்துச் சொன்னால்

கனவுகளைப் பகிர்ந்து பேசும் எங்கள் குழுவுக்குப் புதிதாக யாராவது வந்தால், நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். அவர் கனவைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரே இருப்பவர் பொருளை அடித்துச் சொல்லிவிடுவார். இவரும் கண்கள் விரிய “ஆமாம், அப்படியேதான்!” என்பார். ஒருகாலத்தில் நானும் எதிரே உட்கார்ந்து அடித்துச் சொன்ன ஆள்தான் என்பதால், இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கனவைக் குறிக்கத் தலைமாட்டில் நோட்டு வையுங்கள், எழுந்தவுடன் கைப்பேசியைத் தொடாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அவற்றை விட்டுவிட்டு, அடிக்கடி நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கனவு அகராதியைப் புரட்டுவது

வேண்டாம். 2ஆம் நூற்றாண்டில் கனவுகளுக்குப் பலன் எழுதிவைத்த கிரேக்கர் ஆர்ட்டெமிடோரஸ்கூட, கனவு கண்டவரின் தொழில், உடல்நிலை, பழக்கவழக்கம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் பலன் சொல்ல வேண்டும் என்றார்.

சிலிர்ப்பை ஆதாரம் என்று நினைப்பது

பொருளைக் கேட்டதும் உடம்பு சிலிர்க்கிறது, அதனால் அது உண்மை என்கிறார்கள். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, முடிவு என்று ஆளுக்கொரு குணவிவரத்தைக் கொடுத்தார். தன் குணத்தை அது எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நாலேகாலைத் தாண்டியது. எல்லாருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகளும் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கியவை.

“நீங்கள் வெளியே சிரித்தாலும் உள்ளே எதையோ அடக்கி வைத்திருக்கிறீர்கள்” என்ற கனவு விளக்கமும் இந்த ரகம்தான். இதைச் சோதிப்பது எளிது. வேறு இரண்டு பேரின் கனவுகளுக்குச் சொன்ன விளக்கங்களை வாங்கி, உங்களுடையதோடு கலந்து, எது யாருடையது என்று தெரியாதபடி ஒரு நண்பரைப் படிக்கச் சொல்லுங்கள். மூன்றுமே உங்களுக்குப் பொருந்தினால், உங்களுக்கென்று சொன்னதில் உங்களைப் பற்றி ஒன்றுமில்லை.

எழுதுவதற்கு முன்பே பொருள் கேட்பது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். விளக்கம் தவறாக இருந்தால் பரவாயில்லை, பிறகு திருத்திக்கொள்ளலாம். ஆனால் உறுதியாகச் சொல்லப்பட்ட விளக்கம் கனவையே மாற்றிவிடும். அப்புறம் எதை வைத்துச் சரிபார்ப்பது?

ஒரு பெண் குழுவில் தன் கனவைச் சொன்னார். தம்பி கத்தியோடு தன்னை நோக்கி வருகிறான், வாசலில் தான் உறைந்து நிற்கிறார். கொஞ்ச நாளாகத் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை என்றும் சொன்னார். சண்டையா என்றால், அதெல்லாம் இல்லை. கனவைக் கேட்ட ஒருவர், “சின்ன வயதிலிருந்தே உங்கள்மேல் அவருக்குப் பகை, அதை நீங்கள் மறந்திருக்கிறீர்கள்” என்று சொல்லியிருக்கிறார். அதிலிருந்து இவர் ஒதுங்கிவிட்டார்.

நல்லவேளையாக, கனவு கண்ட அன்று காலையிலேயே, யாரிடமும் பேசுவதற்கு முன், சில வரிகள் குறித்து வைத்திருந்தார். அதைத் தேடி எடுத்துவரச் சொன்னோம். அதில் இருந்தது இது: “அம்மா வீடு. தம்பி குனிந்து பழம் நறுக்குகிறான். என்னைப் பார்க்கவில்லை. நான் வாசலிலேயே நிற்கிறேன். நேரமாகிவிட்டது என்று உறுத்தல்.”

பழம் காணாமல் போயிருந்தது. குனிந்திருந்த தம்பி நடந்து வர ஆரம்பித்திருந்தான். உறுத்தல் பயமாகியிருந்தது. இவர் பொய் சொல்லவில்லை; பகை என்று கேட்ட பிறகு, நினைவு அதற்கு ஒத்துவந்ததை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட்டது. இது யாருக்கும் நடக்கும். ஜூலியானா மட்ஸோனி, எலிசபெத் லாஃப்டஸ் முதலான உளவியலாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மனநல நிபுணர் சிலரின் கனவுகளைக் கேட்டு, சிறுவயதில் அவர்களுக்கு ஒரு கசப்பான அனுபவம் நடந்திருக்க வேண்டும் என்று விளக்கம் சொன்னார். அப்படி நடந்ததே இல்லை என்று முன்பு சொன்னவர்களில் பலர், பிறகு நடந்திருக்கக்கூடும் என்று நம்பத் தொடங்கினார்கள். அதற்கு ஒரேயொரு சந்திப்பு போதுமானதாக இருந்தது.

சரி, குறிப்பு கிடைத்த பிறகு என்ன செய்தோம்? முதலில் கனவுக்கு முந்தைய சில நாட்களை எழுதச் சொன்னோம். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து தம்பிதான் கூடவே இருந்து கவனித்திருக்கிறார். இவர் போவதைத் தள்ளிப்போட்டபடி இருந்திருக்கிறார். முந்தின இரவு தம்பி அனுப்பிய படத்தில், அம்மாவின் கட்டில் ஓரத்தில் நறுக்கிய பழத்தட்டு. ஆக, பழமும் கத்தியும் எங்கிருந்து வந்தன என்பது தெரிந்துவிட்டது. அவற்றுக்கு வேறு குறியீட்டுப் பொருள் தேட அவசியமில்லை. வாசலைத் தாண்டாத கால்களும் உறுத்தலும் மட்டுமே மிச்சம்.

அடுத்து, விளக்கத்தை வாழ்க்கையில் தேடினோம். தம்பிக்குப் பகை என்றால், கனவை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் அது எங்காவது தென்பட வேண்டும். கனவுக்கு முந்தைய மாதங்களில் அவர் பேசியதையும் செய்ததையும் எழுதச் சொன்னோம். அழைப்புகள், மருத்துவமனை அறிக்கைகள், “எப்போ வர்றே அக்கா?” என்ற கேள்வி. பகைக்கு ஒரு வரிகூட இல்லை. கனவுக்குப் பிறகு நடந்தவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. இவர் ஒதுங்கிய பிறகு தம்பியும் முகத்தைத் திருப்பத்தானே செய்வார்?

“அப்போ இது என் குற்ற உணர்ச்சியா?” என்று கேட்டார். அதையும் உடனே ஒப்புக்கொள்ளக் கூடாது. அதற்கும் அதே சோதனைதான். குற்ற உணர்ச்சி என்றால், கனவில் இல்லாத, இவர் இதுவரை யோசிக்காத ஏதாவது ஒன்று வாழ்க்கையில் இருக்க வேண்டும். உதாரணமாக, தம்பியை மட்டுமல்ல, அம்மாவையும் தவிர்த்திருக்க வேண்டும். கைப்பேசியின் அழைப்புப் பட்டியலைத் திறந்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாவிடமிருந்து வந்த அழைப்புகள் நிறைய. இவராகப் போட்டவை மிகக் குறைவு. இதைத் தான் கவனித்ததே இல்லை என்றார்.

இதற்குமேல் நான் போகமாட்டேன். அந்த உறுத்தல் அவர் வாழ்க்கையில் உண்மையாகவே இருக்கிறது என்பதுவரை அழைப்புப் பட்டியல் காட்டுகிறது. கனவு அதைச் சொல்லத்தான் வந்தது என்பதற்கு அது சாட்சி இல்லை.

உடம்பை மறந்துவிடுவது

பல் விழும் கனவு என்றால் உடனே இழப்பு, மரணம், அவமானம் என்று போய்விடுகிறார்கள். 2018இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, இந்தக் கனவுக்கும் மன உளைச்சலுக்கும் தொடர்பு காணவில்லை. காலையில் எழும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் இருக்கும் இறுக்கத்தோடுதான் தொடர்பு தெரிந்தது. தாடை வலிக்கிறதா என்று பாருங்கள். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள்.

ஒரே கனவை வைத்து முடிவெடுப்பது

வேலையை விடுவது, உறவை முறிப்பது, பணம் போடுவது: எதையும் செய்யாதீர்கள்.

மறுத்தாலும் சரி என்று ஆகிவிடும் விளக்கம்

“இல்லையே, எனக்கு அப்படித் தோன்றவில்லை” என்று சொன்னால், “ஆழ்மனம் மறைக்கிறது, அதனால்தான் மறுக்கிறீர்கள்” என்று பதில் வரும். ஆமாம் என்றாலும் அவர் சொன்னது சரி, இல்லை என்றாலும் சரி. இப்படிப்பட்டவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “என் வாழ்க்கையில் எது எப்படி இருந்தால், நீங்கள் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்வீர்கள்?” குழுவில் நாங்கள் இதை வழக்கமாகவே வைத்திருக்கிறோம். பதில் சொன்னால், அதை எழுதிக்கொண்டு போய் உங்கள் நாட்குறிப்பில் தேடலாம். சொல்லாவிட்டால் அந்த விளக்கத்தை நோட்டில் ஏற்றுவதில்லை. அடுத்தவர் கனவுக்குப் போய்விடுவோம்.