மூன்றுக்கு இரண்டு: கைதட்டிப் பழகும்போது விழும் தவறுகள்

அவிநாசிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் பறையும் தாளமும் சொல்லிக்கொடுக்கிறேன். பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வரும் பையன்கள், வள்ளி கும்மி ஆடிப் பழகிய பெண்கள் என்று எல்லோரும் வருவார்கள். ஒரே நேரத்தில் இரண்டு தாளக்கணக்கு ஓடுவதைக் காட்ட, கையில் மூன்று, காலில் இரண்டு என்ற பயிற்சியைத்தான் முதலில் கொடுப்பேன். ஒவ்வொரு புதுக்கூட்டமும் அதே இடத்தில் தடுக்கி விழுகிறது.

கணக்கு இதுதான். ஒரு சுற்றுக்கு ஆறு மாத்திரை. கை இரண்டு மாத்திரைக்கு ஒருமுறை, கால் மூன்று மாத்திரைக்கு ஒருமுறை.

```
மாத்திரை  1 2 3 4 5 6
கை        x . x . x .
கால்       x . . x . .
```

முதல் மாத்திரையில் மட்டும் கையும் காலும் சேர்ந்து விழும். பிறகு கை, கால், கை. காதில் கேட்பது நான்கு ஒலி.

மூன்றைத் தட்டிவிட்டு இரண்டைத் தட்டுவது

அது வேறு. இரண்டும் ஒரே சுற்றுக்குள், ஒன்றாக ஓட வேண்டும்.

ஆறாவது மாத்திரையை விழுங்குவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இது. மூன்று, நான்கு, ஐந்தில் கை, கால், கை என்று அடுத்தடுத்து அடி விழுகிறது. அந்த ஓட்டத்திலேயே உடம்பு ஆறாவதிலும் ஓர் அடியை வைத்துவிடும். அங்கே ஒன்றுமில்லாமல் காத்திருக்க வேண்டும் என்பது மறந்துபோகும். ஆறில் விழுந்த அடியையே அடுத்த சுற்றின் ஒன்றாக வைத்துக்கொள்வதால் சுற்று ஐந்து மாத்திரையாகச் சுருங்கிவிடும். ஐந்தின் கணக்கான கண்டத்தைப் பிடித்துக்கொண்டு மூன்றின் கணக்கான திசிரம் என்று சொல்வதுதான் இது.

தட்டுகிறவருக்கு இது தெரியாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. கை, கால், கை என்ற வரிசை மாறுவதில்லை. கடைசி இடைவெளி மட்டும்தான் குறைகிறது. ஒரு தம்பி வட்டத்தில் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனான். நிறுத்திக் கேட்டால், "நான் கரெக்டாத்தானுங்ணா தட்றேன், எல்லாரோடயும் சேர்ந்து விழுகுதுங்களே" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. அவன் ஆறு சுற்று முடிக்கும்போது முப்பது மாத்திரை. மற்றவர்கள் ஐந்து சுற்று முடிக்கும்போதும் முப்பதுதான். அந்த ஒரு இடத்தில் எல்லோருடைய ஒன்றும் ஒன்றாக விழும். அவன் அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறான். நடுவில் நடந்த இழுபறி பக்கத்தில் நிற்கிறவருக்குத்தான் தெரியும், பாவம்.

கண்டுபிடிக்க டிக்-டிக் என்று ஓடும் ஒரு சுவர்க்கடிகாரம் போதும். ஒவ்வொரு நொடிச் சத்தத்துக்கும் ஒரு கைதட்டல். அப்போது ஒரு மாத்திரை அரை நொடி, ஒரு சுற்று மூன்று நொடி. கால் ஒன்றரை நொடிக்கு ஒருமுறை விழும். ஆறாவதை விழுங்கினால் அடுத்த ஒன்று மூன்றாம் நொடிக்குப் பதில் இரண்டரையில் வந்து, இரண்டு டிக்குக்கு நடுவில் தொங்கும். முதல் சுற்றிலேயே பிடிபட்டுவிடும். நிமிடத்துக்கு இருபது சுற்று வர வேண்டியது இருபத்துநாலு வந்தால் அதுவும் இதே நோய்தான்.

சரிசெய்ய வாயால் சொல்ல வேண்டும்: தகிட தகிட. கால் இரண்டு 'த'விலும். கை முதல் 'த', முதல் 'ட', இரண்டாவது 'கி'யில். கடைசி 'ட'வில் எதுவும் விழாது. அந்த 'ட'வைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட உரக்கச் சொல்லச் சொல்வேன். வாய் அதைப் பிடித்துவிட்டால் கை தானாக நிற்கும். நான்கைந்து சுற்று வந்தவுடன் சத்தத்தைக் குறைக்கலாம், ஆனால் உதடு அசைய வேண்டும்.

கைக்குக் காலை ஒட்டவைப்பது

கும்மி பழகியவர்களுக்கு இது அதிகம். கை தட்டும்போதே காலும் விழுந்து பழகிய உடம்பு, இரண்டாவது கால் அடியை மூன்றிலோ ஐந்திலோ கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அது இரண்டாவது, மூன்றாவது கைதட்டல்களுக்குச் சரியாக நடுவில் விழ வேண்டும். "கண்ணு, கை சும்மா இருக்கற நேரத்துல காலை வை" என்று சொன்னால் பலருக்கும் பிடிபடுகிறது.

சீக்கிரம் வேகம் கூட்டுவது

வேண்டாம். அரை நொடி மாத்திரையில் நிற்காதது கால் நொடியில் நிற்காது.

ஒரே பக்கம் பழகி நிறுத்துவது

நான்கு ஒலியும் சேர்ந்து ஒரு மெட்டுபோல மனதில் பதிந்துவிட்டால், அந்த மெட்டைத்தான் தட்டுகிறார்கள். இரண்டு கணக்கு ஓடுவது காதில் விழுவதில்லை. கால் மூன்று, கை இரண்டு என்று மாற்றச் சொன்னால் அப்படியே நின்றுவிடுவார்கள். மாற்றியும் வந்தால், தட்டிக்கொண்டே ஒரு சுற்று மூன்றை மட்டும் வாயால் எண்ணச் சொல்வேன், அடுத்த சுற்று இரண்டை மட்டும். எண்ணுவது மாறும்போது கையோ காலோ தடுமாறினால், மறுபடியும் கடிகாரத்தடியில் தகிட தகிட.