வாடைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்: ஐப்பசி மழை கிழக்கே மட்டும் ஏன்?

ஆடிப்பெருக்கு அன்று காவிரி கரை தொட்டு ஓடும். வானத்தைப் பார்த்தால் வெயில் கொளுத்தும். அந்தத் தண்ணீர் நமக்குப் பெய்த மழை அல்ல, குடகில் பெய்த மழை. மூன்று மாதம் கழித்து ஐப்பசியில் கதை தலைகீழ். மேட்டூரிலிருந்து வருவது குறைவாக இருந்தாலும் சம்பா வயலில் வரப்பு தெரியாத அளவுக்குத் தண்ணீர் நிற்கும். வடிகாலை வெட்டிவிட ஆள் தேடுவோம். அந்த நேரத்தில் கோவாவிலும் மும்பையிலும் இருப்பவர்கள் குடையை மடித்து உள்ளே வைத்திருப்பார்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டு மீட்டருக்கும் மேல் மழை பெறும் மும்பைக்கு, நவம்பர், டிசம்பரில் கிடைப்பது சில தூறல்கள்தான். நாகப்பட்டினம் வட்டாரத்திலோ ஆண்டு மழையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடும். ஒரே தீபகற்பம், இரண்டு கரைகள், முறை வைத்துக்கொண்டதுபோல நனைகின்றன. இது ஏன் என்பதை ஒரு தாளும் பென்சிலும் வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம். கடைசிப் படிக்கு மட்டும் வீட்டை விட்டு வெளியே வர வேண்டும்.

படி 1: காற்றை வரையுங்கள்

தாளில் தென்னிந்தியாவைத் தோராயமாக வரையுங்கள். வலப்பக்கம் வங்கக்கடல், இடப்பக்கம் அரபிக்கடல். கிழக்குக் கரையில் நாகப்பட்டினத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள்.

செப்டம்பர் 23 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போகிறது. வடஇந்திய நிலம் வேகமாகக் குளிர்கிறது. கடல் அப்படி அல்ல, அடுப்பை அணைத்த பிறகும் சூடு தாங்கும் வெந்நீர் அண்டா மாதிரி. தெற்கு வங்கக்கடலின் மேற்பரப்பு நவம்பரிலும் 28 டிகிரியை ஒட்டியே இருக்கும். குளிர்ந்த நிலத்தின் மேல் காற்று கனத்து அழுத்தம் கூடும். வெதுவெதுப்பான கடலின் மேல் அழுத்தம் குறையும். ஆகவே வடக்கிலிருந்து தெற்கே ஓர் அம்புக்குறி போடுங்கள்.

அதை நேராகப் போடாதீர்கள். பூமி சுழல்வதால், நம் வட பாதியில் ஓடும் காற்று தன் வலக்கைப் பக்கம் வளையும். தெற்கே போகிறவனுக்கு வலக்கை மேற்கு. அதனால் அம்பு வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சாயும். வாடைக்கும் கொண்டலுக்கும் நடுவே வரும் அந்தக் காற்றுதான் இது.

படி 2: அம்பின் பாதையில் கடல் எவ்வளவு என்று பாருங்கள்

கிளம்பும்போது இந்தக் காற்று வறண்டது. ஒடிசாவில் நவம்பர் மாதம் பெரும்பாலும் தெளிவாக இருப்பது அதனால்தான். ஆனால் நாகைக்கு வரும் அம்பைப் பின்னோக்கி நீட்டுங்கள். அது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வங்கக்கடல் மேலேயே போகும். வெதுவெதுப்பான நீர் அத்தனை தூரமும் ஆவியை ஏற்றிக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வட ஆந்திரக் கரை தென்மேற்கு வடகிழக்காகச் சாய்ந்து ஓடுகிறது, அதாவது காற்றின் போக்கிலேயே. சென்னையிலிருந்து கோடியக்கரை வரை கரை கிட்டத்தட்ட நேர் வடக்குத் தெற்கு. ஆந்திரத்தை உரசிக்கொண்டு போகும் காற்று, நம் கரையில் வந்து முட்டுகிறது.

படி 3: மலையே இல்லாத இடத்தில் மழை எப்படி?

ஈரக்காற்று வந்தால் மட்டும் மழை பெய்யாது. அது மேலே ஏறிக் குளிர வேண்டும். கேரளத்தில் தென்மேற்குக் காற்றை ஏற்றிவிட மேற்குத் தொடர்ச்சி மலை இருக்கிறது. நமக்கு? நாகையிலிருந்து அந்த மலை 200 கிலோமீட்டருக்கும் அப்பால். இடையில் இருப்பது வயல், தென்னை, வாய்க்கால். பலரும் 'மலை தடுத்து மழை' என்று இதற்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். மலைதான் காரணம் என்றால் மேற்கே போகப் போக மழை கூட வேண்டும். நடப்பது நேர்மாறு. இந்த மூன்று மாதங்களில் நாகைப் பக்கம் 90 செ.மீ. அளவுக்குப் பெய்யும், திருச்சிக்குப் போனால் அதில் பாதிகூடத் தேறாது.

ஏற்றிவிடும் வேலையைக் கரையே செய்கிறது. கடல் மேல் தடையில்லாமல் ஓடி வந்த காற்று, சவுக்கும் தென்னையும் வீடுகளும் உள்ள நிலத்தில் ஏறியதும் வேகம் குறைகிறது. பின்னால் வருவது வேகம் குறையாமல் வந்துகொண்டிருக்கிறது. நான்குவழிச் சாலையில் வந்த வண்டிகள் கும்பகோணம் கடைத்தெருவில் நுழைந்தால் என்ன ஆகும்? வண்டி தேங்கும். காற்றுக்கு இன்னொரு வழி உண்டு, மேலே போய்விடும்.

இரவில் இது இன்னும் பலமாக நடக்கும். நிலம் குளிர்ந்து, கரையிலிருந்து கடலை நோக்கி ஒரு மெல்லிய காற்று கிளம்பும். அது வடகிழக்குக் காற்றுடன் கடலோரத்திலேயே மோதும். ஐப்பசி மழை பின்னிரவிலும் விடியற்காலையிலும் சாத்திவிட்டு, மத்தியானம் கொஞ்சம் வெளிவாங்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் கரை தருவது சிறிய தூக்கல்தான். நாலைந்து நாள் விடாத அடைமழைக்கு, கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வோ கிழக்கிலிருந்து நகரும் காற்றலையோ வேண்டும். அதனால்தான் இந்தப் பருவ மழை தினமும் பெய்யாமல் தவணை தவணையாக வருகிறது.

படி 4: அதே அம்பை மேற்கே நீட்டுங்கள்

காற்று நிலத்தைக் கடந்து, மலையைத் தாண்டிக் கொங்கணக் கரையில் இறங்குகிறது. இறங்கும் காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 10 டிகிரி சூடாகும். மேகம் இருந்தாலும் கரைந்துவிடும். பிறகு நிலத்தை விட்டு வழவழப்பான கடலுக்குள் போகும்போது வேகம் கூடுகிறது. கடைத்தெருவைத் தாண்டிய வண்டிகள்போல இடைவெளி விட்டு ஓடுகிறது. அந்த இடைவெளியை நிரப்ப மேலிருந்து காற்று இறங்குகிறது. நம் கரையில் ஏறுகிறது, அந்தக் கரையில் இறங்குகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'மேற்குக் கரை வறண்டது' என்பதை மும்பை, கோவாவுக்குச் சொல்லலாம். கேரளத்துக்குச் சொன்னால் அடிக்க வருவார்கள். அங்கே இதே மூன்று மாதங்களில் கிட்டத்தட்ட 50 செ.மீ. பெய்கிறது, தமிழ்நாட்டின் சராசரியைவிடக் குறைவில்லை. அவர்கள் அதைத் துலாவர்ஷம் என்கிறார்கள். மாயவரத்தில் நாம் துலா ஸ்நானம் செய்யும் அதே ஐப்பசிதான். ஆனால் அது வேறு வகை மழை. காலையில் வெயில் அடித்து, மாலையில் மலையோரம் மேகம் திரண்டு, இடி மின்னலுடன் கொட்டி ஓயும். நம் கடலில் உருவாகும் தாழ்வுகளும் தீபகற்பத்தின் ஒடுங்கிய தென்பகுதியைத் தாண்டி அங்கே எட்டிப்பார்க்கும்.

படி 5: வெளியே வந்து கையை நீட்டுங்கள்

இப்போது மொட்டை மாடிக்கோ வயலுக்கோ வாருங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடக்கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். அந்தக் கைப்பக்கம்தான் தாழ்வழுத்தம் இருக்கிறது. நம் பாதியில் தாழ்வைச் சுற்றும் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்வதால் வரும் விதி இது. 1857இல் பைஸ் பாலட் என்ற டச்சுக்காரர் வெளியிட்டது.

இரண்டு உண்மைப் புயல்களை வைத்துப் போட்டுப் பார்ப்போம். 2008 நவம்பர் கடைசியில் நிஷா இலங்கைக் கரையோரம் இருந்தது. அதாவது நமக்குத் தென்கிழக்கே. இடக்கை தென்கிழக்கைக் காட்ட வேண்டுமானால் முகம் தென்மேற்கு, முதுகு வடகிழக்கு. காற்று வடகிழக்கிலிருந்து, முழுக்கக் கடல் மேலாக வருகிறது. அது மெதுவாக நகர்ந்து நவம்பர் 27 அன்று காரைக்கால் அருகே கரையேறுவதற்குள் தஞ்சை, திருவாரூர், நாகை வயல்கள் ஏரியாகிவிட்டன.

2014 அக்டோபர் 12, ஹுத்ஹுத். அது விசாகப்பட்டினத்தில் கரையேறியது. நிஷாவைவிட மிக வலுவான புயல். நமக்கு அது வடகிழக்கே. இடக்கை வடகிழக்கைக் காட்டினால் முகம் தென்கிழக்கு, முதுகு வடமேற்கு. காற்று உள்நாட்டுப் பக்கமிருந்து, நிலத்தின் மேலாக வருகிறது. ஈரம் எங்கிருந்து வரும்? 'வங்கக்கடலில் புயல்' என்று செய்தி வந்ததும் நானும் ஒரு காலத்தில் மடையைத் திறந்து தண்ணீரை வடியவிட்டுக் காத்திருந்திருக்கிறேன். புயல் வடக்கே போனது, வயல் வெடித்ததுதான் மிச்சம். இப்போதெல்லாம் முதலில் கேட்பது புயலின் பெயரை அல்ல, அது நமக்கு எந்தப் பக்கம் என்பதைத்தான்.

கை பொய் சொல்லும் நேரங்களும் உண்டு. விடியற்காலையில் கரையிலிருந்து போகும் மெல்லிய காற்று மேற்குக் காற்று என்று ஏமாற்றும், கட்டடச் சந்தும் தோப்பும் திசையைத் திருப்பிவிடும். அதனால் தரைக்காற்றை நம்பாமல் தாழ்ந்த மேகங்கள் எந்தப் பக்கமிருந்து ஓடிவருகின்றன என்று பாருங்கள். மேகத்தை வைத்துப் பார்த்தால் தாழ்வு நேர் இடக்கையில் இருக்கும். தரைக்காற்றை வைத்துப் பார்த்தால் கையைச் சற்று முன்னே கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் தரையின் உராய்வால் காற்று தாழ்வை நோக்கி உள்ளே சாய்கிறது.

கடைசியாக, தை மாதத்தில் ஒருமுறை

பொங்கலுக்கு அப்புறமும் மாடியில் நின்று பாருங்கள். காற்று அதே வடகிழக்கு, கை அதே தென்கிழக்கு, கடலும் அதேதான். மழை மட்டும் இருக்காது. தாழ்வுகள் உருவாகும் தாழ்வழுத்தப் பட்டை இதற்குள் நிலநடுக்கோட்டுப் பக்கம் வெகுதூரம் போயிருக்கும். நம் தலைக்கு மேலே காற்று ஏறுவதற்குப் பதிலாக இறங்கத் தொடங்கியிருக்கும், மேகம் உயர வளர விடாது. கடல் கொண்டுவந்த ஈரம் இரவில் பனியாகக் கதிர்மேல் இறங்கும். அதுவும் சின்னத் தொல்லை இல்லை. வெயில் ஏறும்வரை அறுவடை இயந்திரத்தை வயலில் இறக்க முடியாது, அவசரப்பட்டு அறுத்தால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்புவார்கள்.