ஸ்ப்ளிட்டிலிருந்து ஸ்ப்ளிட்லெஸ் முறைக்கு மாறும்போது நேரும் தவறுகள்

காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சத்தை வாயு நிறப்பிரிகைக் கருவியால் அளக்கும் ஆய்வகங்களில், 50:1 ஸ்ப்ளிட் விகிதத்தில் பீக் போதிய உயரம் தரவில்லை என்றவுடன், மென்பொருளில் ஸ்ப்ளிட்லெஸ் என்று மாற்றிவிட்டு மற்ற அமைப்புகளையெல்லாம் பழையபடியே விட்டுவிடுகிறார்கள். 50:1 விகிதத்தில் ஆவியின் 51 பங்கில் ஒரு பங்குதான் சேர்மங்களைப் பிரிக்கும் தந்துகிக் குழாய்க்குள் நுழைகிறது, மீதி ஸ்ப்ளிட் வால்வு வழியே வெளியேறுகிறது. ஸ்ப்ளிட்லெஸ் முறையில் ஏறக்குறைய முழுவதும் நுழைய வேண்டும். ஆனால் இன்லெட்டுக்குள் மாதிரி ஆவியாகும் கண்ணாடிக் குழாயான லைனரை, ஸ்ப்ளிட்டில் நொடிப்பொழுதில் துடைத்துச் சென்ற வேகமான வாயு ஓட்டம் இப்போது இல்லை. நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர் என்ற தந்துகி ஓட்டம் மட்டுமே ஆவியை மெதுவாகக் கொண்டுபோகிறது. பெரும்பாலான கோளாறுகள் இந்த மெதுவான நகர்வைக் கணக்கில் கொள்ளாததால் வருபவை.

முதல் தவறு, லைனரின் கொள்ளளவைப் பார்க்காமல் ஊசி அளவை முடிவு செய்வது. 250 டிகிரி செல்சியஸ் இன்லெட்டில், 10 psi அழுத்தத்தில், 1 மைக்ரோலிட்டர் ஹெக்சேன் ஏறத்தாழ 200 மைக்ரோலிட்டர் ஆவியாக விரிகிறது. அதே அளவு அசிட்டோநைட்ரைல் 490 மைக்ரோலிட்டரை நெருங்குகிறது. 4 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள வழக்கமான லைனரின் கொள்ளளவு ஏறத்தாழ 1 மில்லிலிட்டர்தான், 2 மில்லிமீட்டர் லைனரில் அது கால் பங்கு. உணர்திறனைக் கூட்ட எண்ணி 2 மைக்ரோலிட்டர் அசிட்டோநைட்ரைல் சாற்றை ஊசியிட்டால் 4 மில்லிமீட்டர் லைனரே நிரம்பிவிடும். 2 மில்லிமீட்டர் லைனரில் பெரும்பகுதி மேலே பொங்கி, ஊசி நுழையும் செப்டம் வழியிலும் வாயுக் குழாய்களிலும் போய்ப் படியும். பீக்கின் பரப்பளவு ஊசிக்கு ஊசி மாறுவதும், அடுத்து ஓட்டும் வெற்றுக் கரைப்பானில் முந்தைய மாதிரியின் பீக் தென்படுவதும் இதற்கு அடையாளம். 4 மில்லிமீட்டர் லைனருடன் 1 மைக்ரோலிட்டரில் நிற்பதே நல்லது. ஊசியிடும் வேளையில் அழுத்தத்தை 30 psi வரை உயர்த்தும் வசதி இருந்தால் அசிட்டோநைட்ரைல் ஆவி 270 மைக்ரோலிட்டர் அளவுக்குச் சுருங்கும்.

இரண்டாவது, ஸ்ப்ளிட்லெஸ்ஸில் முதலில் மூடியிருக்கும் ஸ்ப்ளிட் வால்வு திறக்கும் நேரத்தை ஏதோ ஒரு பழைய முறையிலிருந்து எடுத்து வைப்பது. மேற்சொன்ன நிலையில் 4 மில்லிமீட்டர் லைனரை வாயு ஒருமுறை கடக்கவே சுமார் ஒரு நிமிடம் ஆகும். ஆகவே 0.3 நிமிடத்தில் வால்வைத் திறந்தால் மாதிரியின் பெரும்பகுதி வெளியே போய்விடும். மிகவும் தாமதித்தால், லைனரில் தங்கிய கரைப்பான் ஆவி நீண்ட வாலாகி முன்வரும் பீக்குகளை மூடிவிடும். 0.5, 0.75, 1, 1.5 நிமிடங்கள் என வைத்து ஒரே கரைசலை ஊசியிட்டு, பரப்பளவு மேலும் ஏறாமல் நிற்கும் நேரத்தையே தேர்வு செய்ய வேண்டும். லைனரின் விட்டம் மாறினால் இந்தச் சோதனையை மறுபடி செய்தாக வேண்டும்.

மூன்றாவது தவறு தந்துகியைச் சூடாக்கும் ஓவனில் இருக்கிறது, ஆனால் பழி பெரும்பாலும் லைனர்மேல் விழுகிறது. ஒரு நிமிடம் நீளும் நுழைவைக் குறுகிய பட்டையாக்குவது, தந்துகியின் தலைப்பில் ஒடுங்கும் கரைப்பான் படலமே. அசிட்டோநைட்ரைல் 82 டிகிரியில் கொதிக்கிறது, எனவே ஓவன் 60 டிகிரி அளவில் தொடங்க வேண்டும். ஸ்ப்ளிட்டில் வைத்திருந்த 100 டிகிரியையே விட்டுவைத்தால், விரைவில் வெளிவரும் டைகுளோர்வாஸின் பீக் அகன்று தாழ்ந்துவிடும். குறைந்த வெப்பநிலையில் தானாகவே தேங்கும் டெல்டாமெத்ரினின் பீக்கோ கூர்மையாகவே இருக்கும். தொடக்கப் பீக்குகள் மட்டும் கெட்டிருந்தால், லைனரைக் கழற்றுவதற்கு முன் இந்த வெப்பநிலையைப் பாருங்கள். ஓவனைச் சரிசெய்த பின்னும் பீக் இரண்டாகப் பிளந்தால், துருவத்தன்மை குறைந்த தந்துகியின் உட்பூச்சை அசிட்டோநைட்ரைல் சீராக நனைக்காமல் திட்டுத்திட்டாகப் பரவுவது காரணமாகலாம். செயலிழக்கச் செய்த, உட்பூச்சில்லாத சில மீட்டர் தந்துகியை முன்னால் இணைப்பது அதற்குத் தீர்வு.

லைனருக்குள் வைக்கும் கண்ணாடிப் பஞ்சு விஷயத்தில் ஒரே விதியை எங்கும் பொருத்தக் கூடாது. ஸ்ப்ளிட்டில் அது இன்றியமையாதது என்றே சொல்வேன்: ஆவி ஓடும் வேகத்தில் ஊசி முனையில் வந்த துளியைப் பிடித்து ஆவியாக்கிக் கலக்காவிட்டால், கொதிநிலை உயர்ந்த சேர்மங்களின் விகிதம் தவறும். ஸ்ப்ளிட்லெஸ்ஸில் ஆவி பஞ்சருகே நெடுநேரம் இருப்பதால், பஞ்சைக் கையால் திணிக்கையில் ஒடிந்த இழைகளின் செயலூக்கமுள்ள முனைகள் DDT, எண்ட்ரின் ஆகிய பூச்சிக்கொல்லிகளைச் சிதைக்கின்றன. ஒடுங்கிய அடிப்பகுதியும், பஞ்சு வைத்த பின் செயலிழக்கச் செய்த பரப்பும் கொண்ட லைனரையே வாங்க வேண்டும். தூய DDT-யையும் எண்ட்ரினையும் ஊசியிட்டு, DDT-யிலிருந்து அதன் சிதைவுப் பொருள்களான DDE, DDD ஆகியவையும் எண்ட்ரினிலிருந்து ஆல்டிஹைடும் கீட்டோனும் எவ்வளவு வருகின்றன என்று பாருங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 8081 முறை ஒவ்வொன்றுக்கும் 15 விழுக்காட்டை வரம்பாக வைக்கிறது. அதைத் தாண்டினால் லைனரை மாற்ற வேண்டும்.

காய்கறிச் சாற்றிலுள்ள பிற பொருள்கள் அந்தச் செயலூக்க இடங்களை மூடிக்கொள்வதால், தூய கரைப்பானில் செய்த அளவுத்திருத்தத்துடன் ஒப்பிடுகையில் மாதிரியில் சேர்த்த பூச்சிக்கொல்லியின் மீட்பு 100 விழுக்காட்டைத் தாண்டிக் காட்டும். பூச்சிக்கொல்லி இல்லாத அதே காய்கறியின் சாற்றில் திட்டக் கரைசல்களைத் தயாரித்தால் அந்தப் பொய்யான உயர்வு பெருமளவு நீங்கிவிடும்.