விழுங்க வலிக்கும்போது: கஞ்சியில் நடக்கும் தவறுகள்

தொண்டையில் புண் வந்து விழுங்க வலிக்கிறது என்றதும் வீட்டில் முதலில் செய்வது கஞ்சியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவதுதான். எடை குறைந்துகொண்டே வருபவருக்கு அதுதான் பெரிய தவறு. 25 கிராம் அரிசியில் காய்ச்சிய கஞ்சி ஒரு கிண்ணம் இருக்கும். அதில் கிடைப்பது ஏறக்குறைய 90 கலோரி. நீர்க்க நீர்க்க வயிறு நிறையுமே தவிர கலோரி கூடாது. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, எடை மேலும் இறங்காமல் இருக்க, நாளுக்குச் சுமார் 1500 கலோரி வேண்டும். வெறும் கஞ்சியாகவே கொடுத்தால் ஏறக்குறைய 17 கிண்ணம் ஆகும். விழுங்கவே வலிக்கிறவரால் அது முடியாது.

பருப்புத் தண்ணீரும் அப்படித்தான். மேலே தெளிந்து நிற்பதை வடித்துக் கொடுத்தால், புரதம் அடியில் தங்கிய பருப்போடு பாத்திரத்திலேயே நின்றுவிடும். பருப்பையே மசித்துக் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

அதே கிண்ணத்தை இப்படிச் செய்து பாருங்கள். 25 கிராம் அரிசி நொய், 15 கிராம் பாசிப்பருப்பு, ஒரு டம்ளர் தண்ணீர். குக்கரில் குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, வடிகட்டியில் தேய்த்து எடுங்கள். 20 கிராம் கொழுப்பு நீக்காத பால் பவுடரும் இரண்டு டீஸ்பூன் நெய்யும் சேர்த்தால் கிண்ணம் 330 கலோரி ஆகிறது; புரதம் 10 கிராமைத் தொடும். இப்போது ஐந்து கிண்ணமே 1500-ஐத் தாண்டிவிடும். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் இந்த அளவுகளை மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் பவுடரை விட்டுவிட்டுப் பருப்பைக் கூட்டலாம்.

சேர்க்கும் விதத்திலும் சறுக்கல் உண்டு. கொதிக்கிற கஞ்சியில் பால் பவுடரைத் தூவினால் கட்டி தட்டும். அந்தச் சின்னக் கட்டி புண்ணில் உரசும்போது ஊசி குத்துவதுபோல் இருக்கும். பவுடரைக் கொஞ்சம் வெதுவெதுப்பான பாலில் குழைத்து, அடுப்பை அணைத்த பிறகு கலக்குங்கள். நெய்யை மேலே ஊற்றி அப்படியே விட்டால் மிதந்து வாயில் பிசுபிசுக்கும், குமட்டும். கடைசியில் ஊற்றிக் கடைந்துவிட்டால் கஞ்சியோடு சேர்ந்து வழவழப்பாகும். ஆறினால் கஞ்சி இறுகும், மேலே ஆடையும் கட்டும். அப்போது ஆடையை எடுத்துவிட்டு, இளக்குவதற்குத் தண்ணீருக்குப் பதில் பால் சேர்ப்பது நல்லது.

ருசிக்காகச் செய்யும் காரியம் சில வேளை வலியைக் கூட்டும். புளி, எலுமிச்சை, தக்காளி, மிளகாய், மிளகு எல்லாம் புண்ணில் எரியும். தொண்டை வலி என்றால் மிளகு ரசம் என்ற பழக்கம் இங்கே உதவாது. உப்பும் குறைவாகவே இருக்கட்டும். சூடாகக் குடித்தால் இதமாக இருக்கும் என்பது சளிக்குச் சரி. புண்ணுக்கு வெதுவெதுப்போ குளிர்ச்சியோதான் ஏற்றது. மருத்துவர் வலி மாத்திரை கொடுத்திருந்தால், அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவதில் பெரிய பயனில்லை. அவரிடம் கேட்டு, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட்டால், வலி அடங்கியிருக்கும் நேரத்தில் கிண்ணம் காலியாகும்.

இனி சொல்வதில் கவனம் அதிகம் தேவை. வலிப்பது வேறு, புரையேறுவது வேறு. சாப்பிடும்போது இருமல் வந்தாலோ, விழுங்கியபின் குரல் கரகரவென ஈரமாக ஒலித்தாலோ, உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு நீர்த்த திரவம்தான் ஆபத்து. அது விழுங்கும் தசைகள் தயாராகும் முன்பே வழிந்து இறங்கிவிடும். பருக்கை மிதக்கும் தண்ணிக்கஞ்சியும் ஆகாது: தண்ணீர் முதலில் ஓடிவிடும், பருக்கை வாயில் நிற்கும். இவர்களுக்கு எந்தப் பதம் சரி என்பதை விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். அதுவரை வீட்டில் ஊட்டிப் பரிசோதிக்காதீர்கள். வலி மட்டும் உள்ளவரையும் படுக்க வைத்து ஊட்டக்கூடாது. நிமிர்ந்து உட்கார வைத்து, சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்கச் செய்யுங்கள்.

ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவருக்கு ஒரே நாளில் ஐந்து கிண்ணம் கொடுப்பதும் தவறு. திடீரென மாவுச்சத்து ஏறும்போது ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் அளவுகள் சரிந்து இதயத்தைப் பாதிக்கலாம். மருத்துவர் பார்த்த பிறகு, குறைவாகத் தொடங்கித்தான் கூட்ட வேண்டும்.

வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில் எடை பாருங்கள். 60 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் 3 கிலோ இறங்கினால் அது கஞ்சியால் சமாளிக்கிற விஷயமல்ல; காரணத்தையும் கண்டுபிடிக்க வேண்டும், குழாய் வழி உணவு தேவையா என்றும் கேட்க வேண்டும். எச்சிலைக்கூட விழுங்க முடியாவிட்டால், மூச்சுத் திணறினால், ரத்தம் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.