ரோலர் ஓட்டும் முன் ஒரு பிடி மண்

களிமண் கிரிக்கெட் ஆடுகளத்தில் ரோலரை இறக்குமுன், ஓரத்தில் இரண்டு அங்குல ஆழத்து மண்ணைக் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் பென்சில் கனத்துக்கு உருட்டிப் பாருங்கள். கையில் ஒட்டாமல், உடையாமல் திரியாக உருண்டால் அதுதான் சரியான ஈரம்.

ஒட்டினால் பொறுத்திருங்கள். ஈரம் மிகுந்த மண்ணில் ரோலருக்கு முன்னால் மண் அலைபோல் தள்ளப்படும். மேலடுக்கு அடியிலிருந்து பிரிந்துவிடும். பிறகு ஒரே இடத்தில் விழும் பந்து ஒருமுறை மார்புக்கு எழும், மறுமுறை கணுக்காலுக்குத் தாழும். மட்டையாளருக்கு இதைவிட ஆபத்து வேறில்லை. பொடிந்தால் எவ்வளவு ஓட்டினாலும் மண் இறுகாது, டீசல்தான் வீண். தண்ணீர் விட்டு, அடிவரை ஊறிய பிறகு தொடங்குங்கள்.

மணல் மிகுந்த மண்ணுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அது எப்படியும் திரியாக உருளாது. ஆட்டம் தொடங்கிய பின்னும் பயனில்லை: ஆடுகளத்துக்குத் தண்ணீர் விட விதி அனுமதிக்காது, ரோலருக்கும் ஒவ்வொரு முறையும் அதிகபட்சம் 7 நிமிடங்களே.