ஏற்காடு சுற்றுலா ஒப்புதல் படிவம்: கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருந்துவிட்டு இப்போதுதான் சேலத்தில் குடியேறி, பிள்ளையை இங்கே பள்ளியில் சேர்த்திருக்கிறீர்கள் என்றால், வீட்டுக்கு வரும் முதல் சுற்றுலாக் கடிதம் ஏற்காட்டுக்கானதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. காலையில் போய் சாயங்காலம் திரும்பும் பயணம். டைரிக்குள் மடித்த ஒரு தாள், அடியில் வெட்டிக் கொடுக்க ஒரு துண்டு, நாளைக்குள் கையெழுத்தும் பணமும் வேண்டும் என்று ஒரு வரி. அவசரமாகப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள், ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து படியுங்கள்.

பல படிவங்களில் ‘எந்த அசம்பாவிதத்துக்கும் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பயப்பட வேண்டாம். 1995-ல் பிக்னிக் போன ஒரு பள்ளியின் 14 மாணவர்கள் பியாஸ் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2001-ல் உறுதி செய்தது, உடன் போன ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே அந்த வரியின் பக்கத்திலேயே ‘கண்காணிப்புக் குறைபாடு இதில் அடங்காது’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஆசிரியர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கண்காணிப்பு என்றால் எத்தனை ஆசிரியர் வருகிறார்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆசிரியர்கள் எல்லாரும் பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டால் நான்கு பேர் வந்தும் பயனில்லை. பத்துப் பிள்ளைக்கு ஒருவர் என்று பெயர்ப் பட்டியலோடு பிரித்திருக்கிறார்களா, பகோடா பாயிண்டில் விளிம்புப் பக்கம் யார் நிற்பார்கள், ஏரியில் படகு ஏறும் முன் லைஃப் ஜாக்கெட் கட்டியிருப்பதை யார் பார்ப்பார்கள், ஒவ்வொரு இடத்திலும் பஸ் கிளம்பும் முன் தலை எண்ணுவது யார் என்று கேளுங்கள். கிளியூர் அருவி பட்டியலில் இருந்தால் நான் அதற்கு மட்டும் ஒப்புதல் தரமாட்டேன், இறங்கும் பாதை வழுக்கும். ஓட்டுநர் மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவரா என்பதும் முக்கியம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், அதுவும் பனிமூட்டத்தில் இருட்டிய பிறகு இறங்குவது தேவையில்லாத ஆபத்து. நான்கு மணிக்கே மலையிலிருந்து கிளம்புவதாகக் கடிதத்தில் இருந்தால் நல்லது.

அப்புறம் பணம். தலைக்கு 650 ரூபாய் என்று கேட்கிறார்கள், 40 பிள்ளைகள் போகிறார்கள் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். பஸ் வாடகை 14,000 என்றால் தலைக்கு 350. சாப்பாடு 200, நுழைவுக் கட்டணமும் படகும் 100. உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து போகவில்லை என்றால் பஸ் பங்கு திரும்பாது, அது நியாயம்தான், ஆனால் மீதி 300 ரூபாயைக் கேட்கலாம். பிரித்துக் காட்டாமல் மொத்தமாக 650 என்று மட்டும் எழுதியிருந்தால் அதைக் கேட்க வழியில்லாமல் போகும். அதனால் பணம் கட்டும் முன்பே பிரிவைக் கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் அதிகம் தடுமாறும் இடம் தொலைபேசி எண். அப்பா இன்னும் துபாயில் இருப்பார், படிவத்தில் அவருடைய எண்தான் இருக்கும். மலை மேல் நிற்கும் ஆசிரியர் அந்த எண்ணுக்கு அழைத்துக்கொண்டிருக்க முடியாது. அம்மா, அடுத்து அரை மணி நேரத்தில் பள்ளிக்கு வந்துவிடக்கூடிய தாத்தாவோ சித்தப்பாவோ என்று இரண்டு உள்ளூர் எண்கள் கொடுங்கள். அப்பா ஊரில் இல்லாதபோது அம்மாவே கையெழுத்திடலாம். துண்டில் இடம் போதாது, தனித்தாளில் இப்படி எழுதி இணையுங்கள்:

‘மதிப்பிற்குரிய வகுப்பு ஆசிரியர் அவர்களுக்கு, ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஏற்காடு சுற்றுலாவில் கலந்துகொள்ளச் சம்மதிக்கிறேன். அருவியில் இறங்கச் சம்மதம் இல்லை. அவளுக்கு வளைவுப் பாதையில் வாந்தி வரும், மாத்திரையை நானே வீட்டில் கொடுத்து அனுப்புகிறேன், முன் பக்க சீட்டு தரவும். ஆஸ்துமா உள்ளதால் இன்ஹேலர் அவள் பையில் இருக்கும், மூச்சிரைத்தால் மட்டும் இரண்டு முறை இழுக்க வேண்டும். வேறு மருந்து கொடுக்கும் முன் என்னை அழைக்கவும். அவசரத்தில் என்னைப் பிடிக்க முடியாவிட்டால் அருகிலுள்ள மருத்துவமனையில் முதலுதவி அளிக்கச் சம்மதம். திரும்பியதும் அவளைத் தாத்தாவிடம் மட்டும் ஒப்படைக்கவும்.’

கொடுக்கும் முன் படிவத்தையும் இந்தத் தாளையும் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் அன்று காலையில் பஸ்ஸின் எண்ணையும் உடன் போகும் ஒரு ஆசிரியரின் எண்ணையும் குறித்துக்கொண்டு, துபாயில் இருப்பவருக்கும் அனுப்பிவிடுங்கள்.