பத்து இலட்சத்தை எதில் போடுவது? முதல் மீளும் காலம் மறைக்கும் கணக்கு

தென்மராட்சியில் ஒருவர் கையில் 10 இலட்சம் ரூபா இருக்கிறது. டிரெய்லரோடு லாண்ட்மாஸ்டர் வாங்கி வாடகைக்கு ஓடலாம், அல்லது காணியில் கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்று வைக்கலாம். தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

லாண்ட்மாஸ்டர்: செலவு போக வருடம் 3.5 இலட்சம், 5 வருடம். அப்புறம் பழைய இரும்பு.
மாந்தோப்பு: முதல் 4 வருடம் ஒன்றுமில்லை. 5ஆம் வருடம் முதல் 25 வரை வருடம் 4 இலட்சம். கன்று, வேலி, முதல் நான்கு வருடப் பராமரிப்பு எல்லாம் அந்த 10 இலட்சத்துக்குள்.

படி 1: போட்ட முதல் எப்போது திரும்பும்?
லாண்ட்மாஸ்டர் மூன்று வருடத்துக்குள், தோப்பு ஆறரை வருடத்தில். ‘ஐந்து வருடத்தில் முதல் வராவிட்டால் வேண்டாம்’ என்பவர் இங்கேயே தோப்பைக் கைவிடுவார்.

படி 2: வட்டியையும் சேர்த்துப் பார்ப்போம்.
ஒவ்வொரு வருட வரவையும் 12 வீத வட்டியில் இன்றைய பெறுமதிக்குக் கழித்தால் லாண்ட்மாஸ்டரின் முதல் நான்காம் வருடத்தில் மீளும், தோப்பின் முதல் பத்தாம் வருடத்தில்தான். வட்டியைச் சேர்த்தது நல்லதுதான், ஆனால் தோப்பு இன்னும் மோசமாகத் தெரிகிறது. காரணம், இந்த முறையும் முதல் மீண்ட நாளோடு எண்ணுவதை நிறுத்திவிடுகிறது.

படி 3: கடைசி வருடம் வரை எண்ணுங்கள்.
இதுதான் தேறிய நிகழ்காலப் பெறுமதி, அதாவது என்.பி.வி. எக்செலில் C2இல் -1000000, C3 முதல் C27 வரை 25 வருட வரவு. காய்க்காத வருடங்களுக்கு 0 என்றே எழுதுங்கள். வெற்றாக விட்டால் எக்செல் அந்தக் கட்டங்களைத் தாண்டிவிடும், வரவு முன்னுக்கு வந்து விடை ஊதிப்போகும்.

```
=NPV(12%,C3:C27)+C2
```

C2 அடைப்புக்கு வெளியேதான் நிற்க வேண்டும். உள்ளே போட்டால் இன்று கொடுக்கும் பணத்தையும் ஒரு வருடம் தள்ளிக் கழித்துவிடும்.

விடை: லாண்ட்மாஸ்டர் சுமார் 2.6 இலட்சம், தோப்பு 9.2 இலட்சம். தோப்பைப் பிரித்துப் பாருங்கள். பத்தாம் வருட முடிவில் மிச்சம் வெறும் 45,000 ரூபா. மீதி 8.8 இலட்சமும் 11 முதல் 25 வரையான வருடங்களில் வருகிறது. முதல் மீளும் காலம் பார்ப்பவர் கண்ணுக்கு அந்தப் பதினைந்து வருடமும் படவே இல்லை.

‘5 வருடத்தையும் 25 வருடத்தையும் ஒப்பிடலாமா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சரி, அதே விலையில் ஐந்து முறை லாண்ட்மாஸ்டர் வாங்கினாலும் மொத்தம் 5.7 இலட்சம்தான்.

படி 4: வட்டியை மாற்றிப் பாருங்கள்.
நீண்டகாலத் திட்டத்துக்கு இதை விடவே கூடாது. 19 வீதம் வரை தோப்பு தாங்கும். 20 வீதத்தில் 56,000 ரூபா நட்டம், லாண்ட்மாஸ்டரோ 47,000 ரூபா மேலே நிற்கும். 2022 கடைசியில் இலங்கை வங்கிகளின் கடன் வட்டி 20ஐத் தாண்டியே இருந்தது. 20 வீதத்துக்குக் கடன்படுபவருக்கு லாண்ட்மாஸ்டர்தான் சரி, 23 வீதத்தில் அதுவும் நட்டம். சொந்தச் சேமிப்பைப் போடுபவர், அதே பணம் நிலையான வைப்பில் என்ன வட்டி தருமோ அதற்குக் கீழே போகாத ஒரு வீதத்தைச் சூத்திரத்தில் போட்டுப் பார்க்கட்டும்.